மூன்றாவது ஃபாலிக்கிள்

மாதவிலக்கு தொடங்கிய பதின்மூன்றாம் நாள் ஸ்கேனில், முட்டை வளரும் சின்ன நீர்ப்பையான ஃபாலிக்கிள் மூன்று பெரிதாகத் தெரிந்தால், படுத்திருப்பவரின் முகம் மலரும். என் முகம் மலராது. மாதக்கணக்கில் "முட்டை வளரவே இல்லை" என்று கேட்டுச் சலித்துப்போனவருக்கு மூன்று என்பது வட்டியும் முதலுமாகக் கிடைத்த மாதிரி. எனக்கோ அது, இரண்டு மூன்று குழந்தை சேர்ந்து தங்கிவிடும் ஆபத்தால் அந்த மாதத்தையே கைவிட வேண்டியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி. இதை அவர் ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும்போது இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட முடிவதில்லை. குழந்தையின்மை சிகிச்சையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை நிதானமாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் சொல்வது முட்டை தானாக வெளிவராத பெண்களைப் பற்றி, அதிலும் பீசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பவர்களைப் பற்றி. மாதவிலக்கு நாற்பது நாளுக்கு ஒரு முறை, அறுபது நாளுக்கு ஒரு முறை என்று வரும். ஸ்கேனில் பார்த்தால் ஒவ்வொரு சினைப்பையிலும் இருபதுக்கு மேல் சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள் இருக்கும். எதுவும் பத்து மில்லிமீட்டரைத் தாண்டாது. முட்டைக்குப் பஞ்சமில்லை. கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து முன்னால் வருவதுதான் நடப்பதில்லை. இரட்டைக் கர்ப்ப ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது: தள்ளிவிட்டால் போதும் என்று இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது, ஒருவரை மட்டும் தள்ளுவது எப்படி?

லெட்ரோசோல் அந்த வேலையை ஓரளவு நன்றாகச் செய்கிறது. இது மார்பகப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. உடலில் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் அரோமடேஸ் என்ற நொதியைத் தடுக்கும். 2001-ல் மிட்வாலியும் காஸ்பரும் இதை முட்டை வளர்ப்பதற்குப் பயன்படுத்தி எழுதிய கட்டுரைதான் குழந்தையின்மை சிகிச்சையில் இதற்கு வழி திறந்தது. மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, தினம் ஒன்று, ஐந்து நாள் மாத்திரை. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "சினைப்பை வேலை செய்யவில்லை போலிருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்குகின்றன.

இதுவரை பழைய மருந்தான க்ளோமிஃபீனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. க்ளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அதுவும் சீக்கிரம் எழுந்து போகாது. ஃபாலிக்கிள் வளர்ந்து ஈஸ்ட்ரோஜனைக் கொட்டினாலும் மூளைக்கு அது தெரியாது. எஃப்எஸ்ஹெச் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பின்னால் வரும் ஃபாலிக்கிள்களும் பிழைத்து வளரும். லெட்ரோசோல் அந்த இடங்களைத் தொடுவதே இல்லை. இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு நாளில் பாதியாகிவிடுகிறது. மாத்திரை நின்று சில நாட்களில் முன்னணியில் இருக்கும் ஃபாலிக்கிள் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்க ஆரம்பிக்கும், மூளை அதைக் கேட்கும், எஃப்எஸ்ஹெச்சைக் குறைக்கும். வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது வேர் ஆழமாக இறங்கிய செடி மட்டும் நிற்பதைப் போல, பெரிய ஃபாலிக்கிள் குறைந்த எஃப்எஸ்ஹெச்சிலும் தாக்குப்பிடிக்கும்; மற்றவை சுருங்கிவிடும். ஒன்றே ஒன்று மிஞ்சுவதற்குக் காரணம், மாத்திரை சரியான நேரத்தில் விலகிக்கொள்வது.

2014-ல் அமெரிக்காவில் பீசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஐந்து சுழற்சி வரை கொடுத்ததில் உயிருடன் குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீனில் 19.1 சதவீதம். கர்ப்பமானவர்களில் இரட்டை லெட்ரோசோலில் 3.4, க்ளோமிஃபீனில் 7.4. இரட்டை எண்ணிக்கையில் உள்ள இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் புள்ளியியல் சொல்லிற்று. அதனால் அதை நான் ஆணியடித்துச் சொல்வதில்லை. ஆனால் 3.4 என்பதும் பூஜ்யம் இல்லை. இயற்கையாகக் கருத்தரிப்பதில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் இரட்டை. "லெட்ரோசோல்தானே, ட்வின்ஸ் வராது" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இனி ஒருவரின் கதை. பலருடைய ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். வயது 27, மாதவிலக்கு ஐம்பது நாளுக்கு ஒரு முறை. தைராய்டும் புரோலாக்டினும் சரி. கணவரின் விந்தணுப் பரிசோதனையும் சரி. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு 2.5 மில்லிகிராமில் தொடங்கினோம்.

முதல் ஸ்கேன் இரண்டாம் மூன்றாம் நாளில். அதில் போன மாதத்து நீர்க்கட்டி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பேன். இந்த ஸ்கேனைத் தவிர்த்தால், பன்னிரண்டாம் நாளில் 20 மில்லிமீட்டரில் தெரியும் பழைய கட்டியைப் புது ஃபாலிக்கிள் என்று நினைத்து, முட்டையை வெளிவரச் செய்யும் ஊசியைப் போட்டுவிடும் அபத்தம் நடக்கும். அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் பார்த்தேன்: எல்லாம் 10-க்குக் கீழே. பதினாறாம் நாளும் அப்படியே. கர்ப்பப்பையின் உள்சவ்வு 5 மில்லிமீட்டரில் நின்றது. இப்படியான நேரத்தில் வேறு மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது பழைய முறை. அது தேவையில்லை. அன்றே 5 மில்லிகிராமாக ஏற்றி இன்னொரு ஐந்து நாள் கொடுத்தேன். அதன் பிறகு ஒன்று எழுந்தது: 13, இரண்டு நாள் கழித்து 17, அதன் பிறகு 20. முட்டை வெடிக்க ஊசி போட்டோம். ஒரு வாரம் கழித்து எடுத்த புரோஜெஸ்டிரோன் முட்டை வெளிவந்ததை உறுதிப்படுத்தியது. கர்ப்பம் நிற்கவில்லை, ஆனால் அவருடைய சினைப்பை எந்த அளவு மருந்துக்கு அசைகிறது என்பது தெரிந்தது.

அடுத்த மாதம் மூன்றாம் நாளிலேயே 5 மில்லிகிராம். பதினொன்றாம் நாள் ஸ்கேன்: வலது பக்கம் 15, 14, இடது பக்கம் 14. பதின்மூன்றாம் நாள் அவை 19, 18, 17. சவ்வு எட்டரை மில்லிமீட்டர், மூன்று அடுக்காக அழகாகத் தெரிந்தது. வேறு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அருமையான மாதம்.

ஒரு வார்த்தை இந்த அளவுகளைப் பற்றி. ஃபாலிக்கிள் உருண்டையாக இருப்பதில்லை. பக்கத்திலிருப்பது அழுத்தும், சிறுநீர்ப்பை அழுத்தும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு குறுக்களவு எடுத்து அதன் சராசரியைத்தான் எழுத வேண்டும். நீளமான பக்கத்தை மட்டும் அளந்தால் 15 எளிதில் 19 ஆகிவிடும். ஒரே ஃபாலிக்கிளை இரண்டு பேர் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். ஆகவே ரிப்போர்ட்டில் பெரியதன் அளவு மட்டும் இருந்தால் எனக்குத் திருப்தி வராது. இரண்டாவது எவ்வளவு, மூன்றாவது எவ்வளவு? இரட்டையைத் தீர்மானிக்கப் போவது அவைதான். நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் வளரும் என்பதால், இன்றைக்கு 14 இருப்பது ஊசி போடும் நாளில் 17 ஆகியிருக்கும். அந்த ஊசிக்கும் பாரபட்சம் கிடையாது. தயாராக இருக்கும் எல்லாவற்றையும் வெடிக்க வைக்கும். ஸ்கேனுக்குப் பதில் ஈஸ்ட்ரோஜனை இரத்தத்தில் அளந்து எத்தனை முட்டை என்று ஊகிக்கலாமே என்று கேட்பார்கள். லெட்ரோசோலில் அது கைகொடுக்காது. மருந்தே ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்தி வைத்திருப்பதால் மூன்று ஃபாலிக்கிள் இருந்தாலும் எண் அடக்கமாகவே தெரியும்.

"மூணு இருந்தா வாய்ப்பு மூணு மடங்குதானே டாக்டர்? ட்வின்ஸ் ஆனாலும் சந்தோஷம்தான்" என்றார் அவர். வெளியே உட்கார்ந்திருந்த கணவரையும் உள்ளே கூப்பிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இது மிக எளிமையான கணக்கு; ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக, மற்றதைச் சாராமல் கருவாகும் என்று எடுத்துக்கொள்கிறது. நிஜ உடல் இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டப் போதும்.

ஒரு முட்டை குழந்தையாகும் வாய்ப்பு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முட்டை இருந்தால் கர்ப்பமாகும் வாய்ப்பு 30 ஆகாது, கிட்டத்தட்ட 28. அதில் இரண்டுமே கருவாவது 2 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது கர்ப்பமானவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இரட்டை. மூன்று முட்டை என்றால் கர்ப்பமாகும் வாய்ப்பு 39-க்கு வரும்; ஆனால் இரண்டோ மூன்றோ சேர்ந்து நிற்பது 6 சதவீதத்துக்குப் போய்விடும். கர்ப்பமானவர்களில் கிட்டத்தட்ட பதினாறு பேர். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கர்ப்ப வாய்ப்பு ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கரு சேர்ந்து நிற்கும் வாய்ப்போ இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மூன்றாவது ஃபாலிக்கிள் கொண்டுவருவதில் கணிசமான பங்கு அவர் கேட்காத சரக்கு.

இதே கணக்கில் வயது எங்கே நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முட்டை ஒவ்வொன்றும் 15-க்குப் பதில் 30 சதவீத வாய்ப்புள்ளதாக இருந்தால், இரண்டே ஃபாலிக்கிளில்கூட கர்ப்பமானவர்களில் பதினேழு, பதினெட்டு சதவீதம் இரட்டையாகும். இளம் வயது, முட்டை வெளிவராதது ஒன்றே குறை, மற்றதெல்லாம் சரி என்பவர்தான் அந்த உயரத்தில் இருப்பவர். நாற்பது வயதில் ஒவ்வொரு முட்டையின் வாய்ப்பும் குறைவு; அங்கே மூன்றாவது ஃபாலிக்கிளுக்கு நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். எத்தனை வந்தால் நிறுத்துவது என்ற வரம்பை எல்லோருக்கும் ஒரே எண்ணாக எழுதி ஒட்டிவைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். 27 வயதுக்காரருக்கு என் வரம்பு: 15-ஐத் தாண்டியது மூன்று இருந்தால் நிறுத்து, இரண்டு இருந்தால் இருவரையும் உட்காரவைத்துப் பேசு.

இரட்டைக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லபடியாக வளர்ந்த இரட்டையர்களைப் பார்த்தவர்கள். இரட்டைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறக்கிறார்கள். மூன்று குழந்தை என்றால் பிரசவம் சராசரியாக 32 வாரத்தை ஒட்டி. தாய்க்குக் கர்ப்பகால இரத்த அழுத்த நோய் வரும் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. பீசிஓஎஸ் உள்ளவருக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல். கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப மூணுமே நின்னா?" என்று கேட்டார். அதற்கு வாய்ப்பு இந்தக் கணக்கில் முந்நூறில் ஒன்று. சின்ன எண்தான். ஆனால் நின்றுவிட்டால், ஒன்றைக் கலைக்கலாமா என்ற கேள்வியை அவர்கள் இருவரும் உட்கார்ந்து எதிர்கொள்ள வேண்டியிருக்கும். இன்றைக்கு ஒரு மாதத்தை விடுவது அதைவிட எளிது.

நிறுத்துவது என்று முடிவானது. நிறுத்துவது என்றால் ஊசியைப் போடாமல் விடுவது மட்டும்தான் என்று பலர், சில இடங்களில் மருத்துவர்களும்கூட, நினைத்துக்கொள்கிறார்கள். 19 மில்லிமீட்டர் ஃபாலிக்கிளுக்கு நம் ஊசி கட்டாயம் இல்லை. உடலே எல்ஹெச் ஹார்மோனை எழுப்பி அதை வெடிக்க வைக்கும், பக்கத்திலிருக்கும் இரண்டையும் சேர்த்து. ஆகவே அன்றிலிருந்து உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை. முட்டை வெளிவந்துவிட்டது என்று ஸ்கேனில் உறுதியாகி, அதன் பிறகும் ஓரிரு நாள் போகும் வரை. இன்னொரு சிக்கல் முந்தைய நாட்களில் இருக்கிறது. விந்தணு கர்ப்பப்பைக்குள்ளும் குழாயிலும் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். பதின்மூன்றாம் நாள் காலையில் "இந்த மாதம் வேண்டாம்" என்று நான் சொல்லும்போது, பதினொன்றாம் நாள் இரவு நடந்தது ஏற்கெனவே உள்ளே காத்திருக்கும். அதனால்தான் பதினொன்றாம் நாளில் 14-ஐ ஒட்டி மூன்று தெரிந்தபோதே, "அடுத்த ஸ்கேன் வரைக்கும் சேர வேண்டாம்மா" என்று சொல்லியிருந்தேன். முதல் ஸ்கேனைப் பதினான்காம் நாளுக்குத் தள்ளிப்போட்டால் இப்படிச் சொல்வதற்கே இடம் இருக்காது.

மூன்றாவது மாதம் என்ன அளவு கொடுப்பது? 2.5-ல் ஒன்றும் வரவில்லை, 5-ல் மூன்று வந்தது. நான் 2.5-க்கே திரும்பினேன். நீண்ட காலம் அசையாமலிருந்த சினைப்பை முதல் மாதம் காட்டும் மந்தத்தைக் கொண்டு அடுத்தடுத்த மாதங்களைத் தீர்மானிக்க முடியாது. வராவிட்டால் பாதியில் ஏற்றிக்கொள்ளலாம். அதிகமாக வந்துவிட்டால் குறைக்க வழியில்லை. பன்னிரண்டாம் நாள் ஒன்று 12. பதினாறாம் நாள் அது 19. இன்னொன்று 13-ல் நின்றிருந்தது. 13-லிருந்து நல்ல முட்டை வருவது அபூர்வம். ஊசி போட்டோம், வெடிப்பது சுமார் முப்பத்தாறு மணி நேரத்துக்குப் பிறகு என்பதால் அன்றும் மறுநாளும் சேரச் சொன்னேன்.

இடையில் ஒரு விஷயம், மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால். முட்டை தானாகவே மாதம் ஒன்று வெளிவரும் பெண்ணுக்கு லெட்ரோசோல் கொடுத்தால், ஏற்கெனவே ஓடும் வண்டியை இன்னும் தள்ளுகிறோம். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகளிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், கர்ப்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கரு தங்கியவை, முட்டை வளர்க்கும் ஹார்மோன் ஊசியில் 32 சதவீதம், லெட்ரோசோலில் 13, க்ளோமிஃபீனில் 9. அங்கே லெட்ரோசோலின் சாதுத்தனம் காணாமல் போய்விட்டது. ஒருவருக்கு ஒற்றை முட்டையைத் தந்த மாத்திரை இன்னொருவருக்கு அதையே தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அவருக்கு அந்த மாதம் கர்ப்பம் நின்றது. ஏழாவது வாரம் ஸ்கேனுக்கு வந்தார்கள். வளர்ந்தது ஒரு ஃபாலிக்கிள்தான், அதனால் எண்ண வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. ஒரே முட்டையிலிருந்து உருவான கரு இரண்டாகப் பிரிந்தால் ஒத்த இரட்டையர் வருவார்கள். ஏறக்குறைய 250 கர்ப்பங்களில் ஒன்றில் அது நடக்கிறது, ஃபாலிக்கிளை எத்தனை முறை அளந்தாலும் அதைத் தடுக்க முடியாது. இரண்டு கரு என்று தெரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதைப் பதினான்கு வாரத்துக்குள் பார்த்து எழுதிவிட வேண்டும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையர்களுக்குக் கவனிப்பு முறையே வேறு, பிந்திவிட்டால் அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். கர்ப்பப்பையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நெடுக்காகவும் குறுக்காகவும் பார்த்தேன். ஒரு பை, ஒரு துடிப்பு.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்தார். "ஏத்திக் குடுத்தீங்கன்னா வேணுமேன்னு வாங்கி வச்சது, அஞ்சு மாத்திரை மிச்சம். நாத்தனாருக்கும் ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரல. அவங்களுக்குக் குடுத்துடவா டாக்டர்?"

"வேண்டாம்மா. ரெண்டு மாசமா வரலன்னா முதல்ல யூரின் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அது நெகட்டிவ்னா தைராய்டு, புரோலாக்டின் பார்த்துட்டு, ஸ்கேனுக்கு என்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டேன்.